திருத்திய படத்தின் சொற்களை யார் சரியாகச் சொல்வது?

இணையத்தில் வெளியாகும் ஒவ்வொரு செய்திப் படத்துக்கும் இரண்டு எழுத்து வடிவங்கள் இருக்க வேண்டும். ஒன்று, படத்துக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும் படக்குறிப்பு. மற்றொன்று, பக்கத்தின் நிரல்வரிக்குள் இருக்கும் மாற்று உரை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைவாசிப்பான், படத்துக்கு வந்ததும் இந்த மாற்று உரையைத்தான் குரலில் படிக்கும். படம் தரவிறங்காதபோது அதன் இடத்தில் தெரிவதும் அதுவே. 2008-ல் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுதலின் இரண்டாம் பதிப்பு, தன் முதல் விதியாகவே இதை வைத்தது: எழுத்தல்லாத எதற்கும், அது செய்யும் அதே வேலையைச் செய்கிற எழுத்து மாற்று இருக்க வேண்டும்.

ஆற்றையோ கூட்டத்தையோ காட்டும் படம் என்றால் இந்த விதியைப் பின்பற்றுவது எளிது. படத்துக்குள் எழுத்து இருந்து, அந்த எழுத்தையே யாரோ மாற்றியும் இருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. பதாகையில் ஒரு சொல் மங்கலாக்கப்பட்டிருக்கலாம். தொலைக்காட்சியின் நியூஸ் கார்டில் ஒரு வார்த்தை அழிக்கப்பட்டிருக்கலாம். அறிவிப்புப் பலகையில் தேதி மாற்றி ஒட்டப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்ட படத்தைப் பற்றி ஒரே நேரத்தில் இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் படத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்பது ஓர் உண்மை. முன்பு என்ன எழுதியிருந்தது, அதை யார் மாற்றினார்கள் என்பது இன்னோர் உண்மை. இரண்டையும் குழப்பினால் பார்வையற்ற வாசகருக்குப் பொய் போய்ச் சேரும். ஒன்றை விட்டுவிட்டாலும் அதே விளைவுதான்.

இதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ஒன்று வாஷிங்டனில் நடந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் நூற்றாண்டையொட்டி, அந்நாட்டின் தேசிய ஆவணக்காப்பகம் 2019-ல் ஒரு கண்காட்சியைத் திறந்தது. கண்காட்சியின் முகப்பில் பெரிய படம் ஒன்று இருந்தது. ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் 2017 ஜனவரி 21 அன்று பென்சில்வேனியா அவென்யூவில் நடந்த மகளிர் பேரணி தெரியும். சற்று நகர்ந்து பார்த்தால் அதே சாலையில் 1913-ல் நடந்த வாக்குரிமைப் பேரணியின் கறுப்பு வெள்ளைப் படம் தெரியும். 2017-ம் ஆண்டுப் படத்தை எடுத்தவர் கெட்டி இமேஜஸ் நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் மரியோ தாமா.

அந்தப் படத்தில் குறைந்தது நான்கு பதாகைகளின் சொற்கள் மாற்றப்பட்டிருந்ததை 2020 ஜனவரி 17 அன்று வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டுவந்தது. ‘காட் ஹேட்ஸ் டிரம்ப்’ என்ற பதாகையில், அதாவது ‘டிரம்பைக் கடவுள் வெறுக்கிறார்’ என்று சொன்ன அட்டையில், அதிபரின் பெயர் மங்கலாக்கப்பட்டிருந்தது. பெண்கள்மீது கைவைக்காதீர்கள் என்று டிரம்பையும் குடியரசுக் கட்சியையும் எச்சரித்த இன்னோர் அட்டையிலும் அவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பெண்ணின் உறுப்பைக் குறிக்கும் சொற்கள் இருந்த இரண்டு அட்டைகளில் அந்தச் சொற்கள் மட்டும் மறைக்கப்பட்டிருந்தன. படம் மாற்றப்பட்டது என்ற அறிவிப்பு எதுவும் அங்கே இல்லை. நடப்பு அரசியல் சர்ச்சையில் சிக்காமல் இருக்கவும், வந்துபோகும் சிறுவர்களை மனத்தில் வைத்தும் அப்படிச் செய்ததாக ஆவணக்காப்பகம் முதலில் விளக்கியது. மறுநாளே, செய்தது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுப் படத்தை அகற்றியது. சில நாள்களில் மாற்றப்படாத படம் அந்த இடத்துக்கு வந்தது.

இந்த மாற்றப்பட்ட படத்தைத் தன் கட்டுரையில் வைக்கும் ஒரு செய்தித்தளம் மாற்று உரையாக என்ன எழுத வேண்டும்? அவசரத்தில் எழுதப்படும் மூன்று வடிவங்களை எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, ‘பதாகைகளுடன் மகளிர் பேரணி’. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் கட்டுரை எதைப் பற்றியதோ அது இதில் இல்லை. பார்க்கும் வாசகருக்குப் படமே சாட்சியாக நிற்கிறது, கேட்கும் வாசகருக்கோ வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இரண்டாவது, ‘டிரம்பைக் கடவுள் வெறுக்கிறார் என்ற பதாகையை ஏந்திய பெண்கள்’. மூலப் படம் என்ன சொன்னது என்று எழுதுபவருக்குத் தெரியும் என்பதால் தன்னையறியாமலே அதை நிரப்பிவிடுகிறார். இந்தப் படத்தில் அந்தப் பெயரை எவராலும் படிக்க முடியாது. அப்படியிருக்க, இல்லாத சொல்லைக் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பது, மறைப்பு நடக்கவே இல்லை என்று அவரிடம் சொல்வதற்குச் சமம். மூன்றாவது, ‘கடவுள் வெறுக்கிறார் என்ற பதாகை’. இது கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு உண்மையாக இருக்கிறது. ஆனாலும் மூன்றிலும் மோசமானது இதுதான். அட்டையைத் தூக்கிப் பிடித்த பெண் அப்படி எழுதவே இல்லை. ஓர் அரசியல்வாதிக்கு எதிரான கோபம், யார்மீது என்று தெரியாத பொதுவான சாபமாகிவிட்டது. அதை அவர் வாயிலேயே போடுகிறது இந்த உரை.

சரியான மாற்று உரை இப்படி இருக்கலாம்: ‘சொற்கள் மறைக்கப்பட்ட பேரணிப் படம். கூட்டத்தின் நடுவே ஒரு பதாகையில் காட் ஹேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் தெரிகின்றன. அடுத்த சொல் மங்கலாக்கப்பட்டிருக்கிறது. வேறு மூன்று பதாகைகளிலும் ஒவ்வொரு சொல் மறைக்கப்பட்டிருக்கிறது.’ படிக்க முடிந்ததைப் படிக்கிறது. படிக்க முடியாததைப் படிக்க முடியாது என்கிறது. அந்த இயலாமை யாரோ ஏற்படுத்தியது என்பதையும் சொல்கிறது. அந்த மூன்று அட்டைகளின் மீதி வாசகங்களும் கட்டுரைக்குத் தேவையென்றால் அவற்றைக் கட்டுரையின் உடலில் தருவதே நல்லது. மாற்று உரைக்குள் பத்தி பிரிக்க முடியாது, இணைப்பு வைக்க முடியாது. நீண்டால் கேட்பவர்தான் தவிப்பார்.

வினைச்சொல்லில் காட்டும் கவனம் இங்கே பெரிதும் உதவுகிறது. ‘ஒரு சொல் மங்கலாக இருக்கிறது’ என்றால் கேமரா அசைந்திருக்கலாம், கூட்டம் நகர்ந்திருக்கலாம் என்று கேட்பவர் நினைப்பார். ‘மங்கலாக்கப்பட்டிருக்கிறது’ என்றால் ஒரு கை வேலை செய்திருக்கிறது என்று புரியும். அந்தக் கை யாருடையது என்பதைச் சொல்ல வேண்டிய இடம் படக்குறிப்பு. அங்கே செயப்பாட்டுவினையில் நின்றுவிடக் கூடாது. ‘ஆவணக்காப்பகம் மங்கலாக்கிய படம். மூலப் படத்தில் இந்தப் பதாகை டிரம்ப் என்ற பெயருடன் முடிகிறது’ என்று எழுவாயோடு எழுத வேண்டும். மாற்றியவர் யாரென்று தெரியாத இடத்தில், தெரியவில்லை என்று எழுதிவிடுவதும் தகவல்தான்.

ஆக வேலைப் பங்கீடு இது: இந்தப் படத்தில் கண் காண்பது மாற்று உரையில், முன்பு என்ன இருந்தது, யார், எப்போது மாற்றினார்கள் என்பது படக்குறிப்பில். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. படம் மாற்றப்பட்டது என்ற செய்தி மட்டும் இரண்டிலும் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தாவிக் கேட்கும் வசதி திரைவாசிப்பான்களில் உண்டு. அப்படிக் கேட்பவர் படக்குறிப்பைத் தொடாமலே அடுத்த படத்துக்குப் போய்விடக்கூடும்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் நியூஸ் கார்டு வடிவில் வருகிறது. தொலைக்காட்சிகள் ஒரு வரிச் செய்தியைத் தங்கள் முத்திரையோடு படமாக வெளியிடுகின்றன. யாரோ அந்த வரியை மட்டும் மாற்றி, முத்திரையை அப்படியே விட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் அந்தப் போலி அட்டையை எடுத்து, மேலே சிவப்பில் ‘போலி’ என்று முத்திரை குத்தி, விளக்கத்தோடு வெளியிடுகிறார்கள். பார்க்கும் வாசகருக்கு இது போதும். கேட்கும் வாசகருக்கு, அந்த அட்டையின் மாற்று உரையில் வெறும் ‘செய்தி அட்டை’ என்றோ, மாற்றப்பட்ட வாசகம் மட்டுமோ இருந்தால், சரிபார்ப்பே தலைகீழாகிவிடும்.

மழைக்காலத்து உதாரணம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். மூல அட்டையில் ‘சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை’ என்று இருக்கிறது. கடைசிச் சொல்லை மட்டும் அழித்து, பின்னணி நிறத்தைப் பூசி, ‘சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று யாரோ பரப்புகிறார்கள். புதிதாக ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. எழுத்துருவும் மாறவில்லை. வரியின் வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டிருப்பது மட்டுமே தடயம்.

இதற்கு மாற்று உரை எழுதும்போது தமிழ் வாக்கிய அமைப்பே ஒரு பொறியாகிறது. இயல்பாக எழுதினால் ‘சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என்று மாற்றப்பட்ட போலி அட்டை’ என்றுதான் வரும். மேற்கோள் முன்னால், மறுப்பு கடைசியில். கண்ணால் படிப்பவர் வரி முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். காதால் கேட்பவருக்குப் பொய் முதலில் போய்ச் சேருகிறது. பழகியவர்கள் வேகமாகத் தாவித் தாவிக் கேட்பவர்கள் என்பதால், ‘விடுமுறை’ என்றதும் அடுத்ததுக்குப் போய்விட்டால் மறுப்பு காதில் விழவே விழாது. அதனால் மாற்றம் பற்றிய சொல் முதலில் வர வேண்டும், முடிந்தால் தனி வாக்கியமாக.

மேற்கோள் குறியை நம்புவதும் இதே வகைத் தவறு. பலரும் பயன்படுத்தும் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏ, இயல்பான அமைப்பில் மேற்கோள் குறிகளைப் பெயர் சொல்லி உச்சரிப்பதில்லை. எங்கே அட்டையின் வாசகம் தொடங்குகிறது, எங்கே முடிந்து செய்தியாளரின் பேச்சு தொடங்குகிறது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போகிறது. ‘அட்டையில் உள்ள வரி’ என்று முன்னால் சொல்லி, ‘என்று எழுதியிருக்கிறது’ என்று பின்னால் மூடிவிட்டால் எல்லை காதுக்கே தெளிவாகிவிடும். அடித்தல் கோட்டுக்கும் இதே கதிதான். படக்குறிப்பில் பழைய சொல்லின்மேல் கோடு போட்டு அருகில் புதிய சொல்லை வைக்கும் வழக்கம் இருக்கிறது. கோடு குரலில் வராமல் போனால் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நின்று பொருளற்ற தொடராகக் கேட்கும்.

இவற்றை மனத்தில் வைத்து எழுதினால் பக்கத்தின் நிரல் இப்படி அமையும்:

```html
<figure>
  <img src="card-edited.jpg"
    alt="மாற்றப்பட்ட செய்தி அட்டை. அட்டையில் உள்ள
    வரி: சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை
    என்று எழுதியிருக்கிறது. வரிக்குப் பின் ஒரு சொல்
    அளவு வெற்றிடம். குறுக்கே, சரிபார்த்தவர்கள்
    பதித்த சிவப்பு முத்திரை: போலி.">
  <figcaption>பரவிய படம். வரியின் கடைசிச் சொல்லான
    ‘இல்லை’ என்பதை நீக்கியிருக்கிறார்கள். தொலைக்காட்சி
    வெளியிட்ட மூல அட்டையில், பள்ளிகளுக்கு விடுமுறை
    இல்லை என்று இருக்கிறது. நீக்கியவர் யாரென்று
    தெரியவில்லை.</figcaption>
</figure>
```

சிவப்பு முத்திரையைக் குறிப்பிட்டதோடு அதை யார் பதித்தது என்றும் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே படத்தில் இப்போது மூவரின் கைவேலை இருக்கிறது: வெளியிட்ட தொலைக்காட்சியுடையது, மாற்றியவருடையது, சரிபார்த்தவருடையது. ‘போலி’ என்ற சொல் பொய் பரப்பியவரின் அட்டையில் முதலிலிருந்தே இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ‘இல்லை’ என்ற சொல்லை மாற்று உரையில் சேர்க்காமல் விட்டிருப்பதும் திட்டமிட்டுத்தான். அது இந்தப் படத்தில் இல்லை, மூலத்தில்தான் இருக்கிறது. மூல அட்டையையும் பக்கத்திலேயே வைப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே படமாக ஒட்டாமல் தனித்தனிப் படங்களாக, தனித்தனி மாற்று உரையோடு வைப்பது நல்லது. ஒட்டிய படத்தில் ‘இடது’, ‘வலது’ என்று விளக்க நேரும்போது எது மூலம், எது போலி என்பது கேட்பவர் மனத்தில் எளிதில் இடம் மாறிவிடும்.

மாற்றம் ஓர் எழுத்தளவில் நின்றுவிட்டால் வேலை இன்னும் நுணுக்கமாகிறது. தமிழில் ன, ண இரண்டுக்கும், ல, ள, ழ மூன்றுக்கும், ர, ற இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணினிக் குரலில், அதுவும் வேகமாக ஓடவிட்டுக் கேட்கும்போது, பிரித்தறிவது கடினம். ‘வெள்ள நிவாரணம்’ என்பதை யாரோ ‘வெல்ல நிவாரணம்’ என்று கேலிக்காக மாற்றிய அட்டைக்கு, இரண்டு வாசகங்களையும் அப்படியே மாற்று உரையிலும் படக்குறிப்பிலும் எழுதிவிட்டால் பார்ப்பவருக்கு வேறுபாடு விளங்கும். கேட்பவருக்கு ஒரே வரி இருமுறை ஒலித்ததாகத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கு இடும் பெயர்தான் இங்கே கைகொடுக்கும்: ‘கரும்புச் சாற்றில் செய்யும் வெல்லம் என்ற பொருளில், மேல்நோக்கு லகரம் போட்டு எழுதப்பட்டிருக்கிறது’ என்றோ, ‘மூன்று சுழி ண இருந்த இடத்தில் இரண்டு சுழி ன’ என்றோ விளக்கிவிடலாம். ரூ.1,000 என்பது ரூ.10,000 ஆக்கப்பட்டிருந்தால், ஒரு சுழியம் கூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போலி அட்டைகளில் எழுத்துப்பிழை இருப்பது சாதாரணம். அதைத் திருத்தி மாற்று உரையில் எழுதுவது மொழிக்குச் செய்யும் நன்மையாகத் தோன்றலாம். உண்மையில் அது தடயத்தை அழிப்பது. பல நேரங்களில் அந்தப் பிழையை வைத்தே அட்டை போலி என்று பிடிக்கிறார்கள். பிழையைப் பிழையாகவே எழுதி, ‘பிழை அட்டையில் உள்ளபடி’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

ஆங்கிலப் பதாகைகளுக்குத் தொழில்நுட்ப வரம்பு ஒன்று இருக்கிறது. பக்கத்தின் உடலில் ஒரு தொடர் ஆங்கிலம் என்று `lang="en"` மூலம் குறிக்கலாம். திரைவாசிப்பானும் குரலை மாற்றிக்கொள்ளும். மாற்று உரைக்குள் அப்படிப் பகுதி பகுதியாகக் குறிக்க வழியில்லை, முழு உரைக்கும் ஒரே மொழிதான். ஆகவே வாஷிங்டன் படம் போன்றவற்றுக்கு மாற்று உரையில் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பையும், படக்குறிப்பில் உரிய மொழிக் குறியோடு மூல ஆங்கில வாசகத்தையும் அதன் தமிழ்ப் பொருளையும் தருவதே நடைமுறைக்கு ஏற்றது. பொருளைத் தந்தது பத்திரிகை என்பதும் அதில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பதாகையே தமிழில் இருந்ததாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

நல்ல மாற்று உரை எழுதிய பிறகும் தவறு நேரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதிகமாகத் தவறு நேருவதும் அங்கேதான். படம் மாறும், மாற்று உரை மாறாது. ஒரு பதாகைப் படத்தை முதலில் அப்படியே ஏற்றி, அதில் எழுதியிருந்ததையெல்லாம் கவனமாக மாற்று உரையில் தந்திருப்பார்கள். பிறகு பதாகையில் ஒருவரின் தொலைபேசி எண் இருப்பதைக் கண்டு, அதை மட்டும் மறைத்த படத்தை அதே இடத்தில் ஏற்றுவார்கள். படத்தில் எண் மறைந்துவிடும். மாற்று உரையில் அந்த எண் முழுமையாக இருந்துகொண்டே இருக்கும். மறைத்ததன் நோக்கமே வீணாகிறது. வேர்ட்பிரஸ் போன்ற பதிப்பு மென்பொருள்களில் இன்னொரு பிரச்சினையும் சேருகிறது. படநூலகத்தில் மாற்று உரையைத் திருத்தினாலும், ஏற்கெனவே கட்டுரைகளுக்குள் வைத்துவிட்ட படங்களில் பழைய உரையே நீடிக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் திறந்துதான் மாற்ற வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. போலி அட்டையைப் பக்கத்திலிருந்து ஒருவர் திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மாற்று உரையும் படக்குறிப்பும் கூடவே போவதில்லை. படக்கோப்புக்குள்ளேயே மாற்று உரையைப் பொதிந்து வைக்க, செய்திப் படங்களுக்கான ஐபிடிசி தரநிலை 2021-ல் தனிக் களம் தந்தது. ஆனால் திரைப்பிடிப்பு புதிய கோப்பு என்பதால் அந்தக் களம் காலியாகத்தான் இருக்கும். படத்தின்மேல் பதித்த சிவப்பு முத்திரை மட்டுமே தப்பிப் பிழைக்கும். அதனால் முத்திரையை ஓரத்தில் சிறியதாக வைக்காமல், மாற்றப்பட்ட வரியின் குறுக்கே, வெட்டி எடுக்க முடியாதபடி வைப்பது நல்லது. அதே நேரம், மாற்றப்பட்ட எழுத்துகளைப் படிக்க முடியாதபடி மூடிவிடவும் கூடாது.

எழுதியது சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. படத்தைப் பார்த்திராத சக ஊழியர் ஒருவரிடம் மாற்று உரையை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்காட்டி, மூன்று கேள்விகள் கேட்கலாம்: படத்தில் என்ன எழுதியிருக்கிறது? அது முதலில் எழுதப்பட்டபடியே இருக்கிறதா? இதில் எந்தச் சொற்கள் பத்திரிகையுடையவை? மூன்றுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னால், அடுத்து படக்குறிப்பைப் படித்து, முன்பு என்ன இருந்தது, யார் மாற்றியது என்று கேட்கலாம். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்த வேண்டும். சொல்லைப் படியெடுத்ததில் ஐயம் வந்தால் நினைவிலிருந்து சரிபார்க்காமல், படத்தைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். கண், தான் எதிர்பார்க்கும் சொல்லையே படித்துவிடும்.

அச்சில் ஒரு மேற்கோள் தவறினால் மறுநாள் பத்திரிகைகள் திருத்தம் வெளியிடுகின்றன. மாற்று உரையில் ஒரு சொல் தவறினால் பெரும்பாலும் எவரும் கண்டுகொள்வதில்லை. அதைக் கேட்கும் வாசகருக்கோ ஒப்பிட்டுப் பார்க்கப் படமும் இல்லை. செய்தி அறைகள் மாற்று உரையையும் வெளியிட்ட வாசகமாகவே கணக்கில் எடுத்து, துணை ஆசிரியரின் மேற்பார்வைக்கும் திருத்த அறிவிப்புக்கும் அதை உட்படுத்த வேண்டும்.